மீட்டர் படம் மட்டும் வந்தால்

கரண்ட் பில் சந்தேகம் என்று வாட்ஸ்அப்பில் மின் மீட்டர் படம் மட்டும் வந்து விழுந்தால், முதலில் எண்ணுக்குப் பக்கத்தில் kWh இருக்கிறதா பாருங்கள். திரை மாறிக்கொண்டே இருக்கும். V, kW என்றால் அது ரீடிங் இல்லை, மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அட்டையில் உள்ள பழைய ரீடிங்கையும் தேதியையும் கேளுங்கள். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் சந்தேகம் பெரும்பாலும் 500 யூனிட்டைச் சுற்றித்தான். பழையது 14210, இப்போது 14735 என்றால் 525 யூனிட். 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும், கூடுதல் 25-க்கு மட்டுமல்ல. ஆனால் கணக்கெடுத்தது 66 நாள் கழித்து என்றால், வழக்கமான இரண்டு மாதத்துக்கு, அதாவது 60 நாளுக்குச் சுமார் 477தான். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்க வேண்டியது இந்தத் தாமதத்தைத்தான்.