மூலை பென்ட் ஃபோர்: செக்கி என்று விட்டுவிடாதீர்கள்

கோ ஆட்டத்தின் முடிவில் அதிகம் தவறாக எண்ணப்படும் மூலை இது. ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். வெள்ளை: A3, B3, B2, C2, D2, E2, E1. உள்ளே கறுப்பு: A1, B1, C1. காலியாக இருப்பவை A2, D1 இரண்டு மட்டும். வெளியே சூழ்ந்திருக்கும் கறுப்புக்கு உறுதியான இரண்டு கண்கள் உண்டு. வெள்ளைக்கு வெளி லிபர்ட்டி, அதாவது வெளிப்பக்கம் ஒட்டிய காலிப் புள்ளி, எதுவும் இல்லை.

வெள்ளை A2-வில் வைத்தாலும் D1-இல் வைத்தாலும் மீதிப் புள்ளியில் கறுப்பு வைத்து மொத்தத்தையும் பிடித்துவிடும். ஆகவே வெள்ளை தொட முடியாது. கறுப்பு தொட்டாலோ நான்கு கல் பறிபோகும். இதைப் பார்த்ததும் பலர் ‘செக்கி’, அதாவது யாரும் யாரையும் பிடிக்க முடியாமல் இரு பக்கமும் உயிரோடு நிற்கும் நிலை, என்று எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு, ஏனென்றால் கறுப்பு விரும்பிய நேரத்தில் தொடங்கலாம், வெள்ளையால் தொடங்கவே முடியாது.

கறுப்பு A2 வைக்கிறது. அடாரியில், அதாவது ஒரே லிபர்ட்டியுடன், உள்ள வெள்ளை D1-இல் வைத்து, மூலையில் வளைந்து நிற்கும் நான்கு கற்களையும் எடுக்கிறது. உடனே கறுப்பு B1, வெள்ளை A1, கறுப்பு A2-வில் வைத்து அந்த ஒரு கல்லை எடுக்கிறது. இது கோ சண்டை: ஒரு கல்லை மாறி மாறி எடுக்கும் இடம், ஆனால் உடனே திருப்பி எடுக்க முடியாது, முதலில் வேறிடத்தில் எதிராளி பதில் சொல்லியே தீர வேண்டிய மிரட்டல் வைக்க வேண்டும். முதலில் எடுத்தது கறுப்பு, மிரட்டல் தேட வேண்டியது வெள்ளை. தொடக்கத்தில் A2-க்குப் பதில் D1 வைத்தால் கதை முடிந்தது: வெள்ளை A2-வில் எடுத்ததும் நேர்கோட்டில் நான்கு புள்ளி கிடைத்து உயிர் பிழைத்துவிடும்.

ஜப்பானிய விதியில் இதை ஆடிக் காட்டவே வேண்டாம், வெள்ளை இறந்தது. 1989 விதிப்படி, உயிரா சாவா என்று சரிபார்க்கும்போது அதே கோ-வை மறுபடி எடுக்க, முதலில் அந்தக் கோ-வுக்காகப் பாஸ் சொல்ல வேண்டும். வேறிடத்து மிரட்டல்கள் செல்லாது. ‘என்னிடம் மிரட்டல் பாக்கி இருக்கிறது’ என்று வெள்ளை வாதாடிப் பயனில்லை. கணக்கு: 7 கைதிகள், 9 காலிப் புள்ளிகள், ஆக 16. செக்கி என்று விட்டால் இந்தப் பதினாறும் போச்சு.

சீன விதியில் பழக்க தோஷத்தில் ‘இறந்தது’ என்று சொல்லி நிறுத்துவதுதான் ஆபத்து. வெள்ளை மறுத்தால் ஆடியே தீர வேண்டும். நீங்கள் கறுப்பு என்றால், பொதுப் புள்ளிகளையும் வெள்ளையின் வெளி லிபர்ட்டிகளையும் முதலில் நிரப்புங்கள். ஒரு வெளி லிபர்ட்டி மிச்சமிருந்தாலும் கோ-வை எடுத்த பிறகும் வெள்ளை அடாரியில் இருக்காது, சண்டை உங்களுக்குப் பாதகமாகிவிடும். அடுத்து, வெள்ளைக்கு எங்கெங்கே மிரட்டல் இருக்கிறதோ அங்கெல்லாம் உங்கள் பகுதிக்குள்ளேயே ஒவ்வொரு கல் வைத்து அடையுங்கள். கற்களும் பரப்பில் சேர்வதால் இதற்குப் புள்ளி நஷ்டம் இல்லை. வெள்ளை அவசரப்படுத்த முடியாது. அதன்பிறகே A2.

அடைக்கவே முடியாத மிரட்டலும் உண்டு. வேறொரு இடத்தில் உண்மையான செக்கி இருந்து, அங்கே வெள்ளை ஒரு கல் வைத்தால் உங்கள் கற்கள் அடாரியில் சிக்கும் என்றால், அதை முன்கூட்டி நீக்க வழியில்லை. சீன விதியில் அந்த ஒரு மிரட்டலே மூலையைக் காப்பாற்றக்கூடும். ஜப்பானிய விதியில் அதே பலகை, அதே கற்கள், ஆனால் வெள்ளை இறந்ததுதான்.