ஆர்ஓ, யுவி, கிராவிட்டி: ராமநாதபுரம் கரையோர வீடுகளில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

கீழக்கரையோ தொண்டியோ மண்டபமோ, புது வீட்டுக்குக் குடிவந்ததும் எல்லோரும் கேட்பது "எந்த மிஷின் வாங்கலாம்?" என்பதைத்தான். அடுப்படிக் குழாயில் வருவது எந்தத் தண்ணீர் என்று யாரும் பார்ப்பதில்லை. இந்தக் கரையில் ஒரே வீட்டில் இரண்டு மூன்று தண்ணீர் புழங்கும். காவிரி கூட்டுக் குடிநீர் முறை வைத்து வரும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும். சில ஊர்களில் ஊருணித் தண்ணீரோ ஊற்றுத் தண்ணீரோ குடத்தில் வரும்.

எது எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடலாம். தண்ணீரில் கரைந்து கிடப்பதை, அதாவது உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு ஆகியவற்றை, இந்த மூன்றில் குறைக்கக் கூடியது, சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி வடிக்கும் ஆர்ஓ மட்டும்தான். யுவி கிருமியைச் செயலிழக்கச் செய்யும், உப்பில் ஒரு துளியையும் குறைக்காது. கிராவிட்டி என்பது மின்சாரமில்லாமல் தண்ணீர் தானாகக் கீழிறங்கி வடியும் ஃபில்டர்; அதன் வேலை உள்ளே இருப்பதைப் பொறுத்தது. கேண்டில் கலங்கலைப் பிடிக்கும், கார்பன் வாடையையும் குளோரினையும் எடுக்கும், யுஎஃப் சவ்வு பாக்டீரியாவை நிறுத்தும். இவற்றில் எதுவும் உப்பைத் தொடாது.

காவிரியையும் போரையும் ஒரே தொட்டியில் ஏற்றுவது

பணத்தை அதிகம் தின்கிற தவறு இதுதான். புதிதாகக் கட்டும் வீடுகளில்கூட இன்னும் நடக்கிறது என்பதுதான் எரிச்சல். காவிரி வரும் நாளில் அதைத் தரைத்தொட்டியில் பிடித்து மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றுவார்கள். மற்ற நாள்களில் போர் தண்ணீரும் அதே மாடித் தொட்டிக்குப் போகும். ஆர்ஓ மாட்ட வருகிறவர் "மாடியில இருந்து வந்தாத்தான்ணே பிரஷர் இருக்கும்" என்று அந்த லைனிலேயே இணைத்துவிட்டுப் போய்விடுவார்.

ஒரு வீட்டின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டிடிஎஸ் என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற கணக்கு. காவிரியின் டிடிஎஸ் 400, போரின் டிடிஎஸ் 3,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 லிட்டர் தொட்டியில் காவிரி 250 லிட்டர், மீதி 750 லிட்டர் போர். கலந்த தண்ணீரின் டிடிஎஸ் சுமார் 2,725. வீட்டு ஆர்ஓ மிஷின்களில் பெரும்பாலானவை 2,000 வரைக்கும் என்றுதான் செய்யப்பட்டவை. அதற்கு மேல் போனால் உப்பின் எதிரழுத்தம் பம்பின் அழுத்தத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். தண்ணீர் நூல்போல இறங்கும், சவ்வில் சுண்ணாம்பு படியும்.

அப்படியும் ஓடுகிறது என்றே வைப்போம். உள்ளே போவதில் கால் பங்குதான் நல்ல தண்ணீராக வரும். ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் வேண்டுமென்றால் 80 லிட்டர் உள்ளே போய் 60 லிட்டர் கழிவாக வெளியேறும். சவ்வு உப்பில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்தால் குடிக்கிற தண்ணீரின் டிடிஎஸ் 270 சொச்சம். கழிவின் டிடிஎஸ் 3,500-ஐத் தொடும், கிட்டத்தட்ட போர் தண்ணீரேதான். இத்தனை மின்சாரமும் ஃபில்டரும் செலவழித்து 400-ஐ 270 ஆக்கியிருக்கிறோம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவோ லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை அனுமதி. காவிரிக்கு ஆர்ஓவே வேண்டியிருக்கவில்லை.

கலக்காமல் வைத்திருந்தால் அந்த 250 லிட்டர் காவிரி குடிக்கவும் சமைக்கவும் 12 நாளைக்கு வந்திருக்கும். அதற்கு யுவியோ நல்ல கிராவிட்டியோ போதும்.

உங்கள் வீட்டில் கலக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சாதாரண டிடிஎஸ் மீட்டர் போதும். காவிரி வரும் நாளில் தெருக்குழாயில் ஒரு டம்ளர், அடுப்படிக் குழாயில் ஒரு டம்ளர் பிடியுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சரி. அடுப்படி எண் பல மடங்கு என்றால் கலப்பு இருக்கிறது. போர் மோட்டாரே போடாத வாரத்திலும் எண் ஏறினால், இரண்டு லைனும் சேரும் இடத்தில் உள்ள வால்வு முழுதாக மூடவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. காவிரிக்கென்று மாடியில் மூடிபோட்ட தனித் தொட்டி ஒன்று, அங்கிருந்து அடுப்படிக்கு அரை இஞ்ச் குழாய் ஒன்று. இரண்டு லைனுக்கும் நடுவில் வால்வு வைத்து இணைக்காதீர்கள். இணைப்பு இருந்தால் என்றைக்காவது யாராவது திறப்பார்கள். குழாய் போட முடியாதவர்கள் தனி டிரம்மில் பிடித்து, குடத்தில் மொண்டு கிராவிட்டியில் ஊற்றலாம்.

ஒரே ஒரு விஷயம். நாள்கணக்கில் தேங்கும் தண்ணீரில் குளோரின் போய்விடும், கை பட்ட சொம்பும் உள்ளே போகும். அதனால் தனியாக வைத்த காவிரியில் கவலைப்பட வேண்டியது உப்பைப் பற்றி அல்ல, கிருமியைப் பற்றி. இங்கே கிராவிட்டி வாங்கினால் வெறும் கேண்டில் வேண்டாம். யுஎஃப் பாக்டீரியாவை நிறுத்தினாலும், மஞ்சள் காமாலை தரும் வைரஸ் விஷயத்தில் அதை மட்டும் நம்ப முடியாது. ஊரில் காமாலை பரவும்போது வடிகட்டியதைக் கொதிக்கவும் வையுங்கள்.

மீட்டரில் 150 காட்டுகிறது, அதனால் சுத்தம் என்பது

மழைக்குப் பிறகு ஊருணித் தண்ணீரில் டிடிஎஸ் குறைவாகத்தான் இருக்கும். மீட்டருக்குத் தெரிவது மின்சாரத்தைக் கடத்தும் உப்பு மட்டும். ஆடு மாடு இறங்கிய தண்ணீரா என்று அது சொல்லாது. இந்தத் தண்ணீருக்கு ஆர்ஓ வீண். கலங்கலாக இருக்கும்போது யுவியும் வீண். மண்துகளின் நிழலில் கிருமி தப்பித்துவிடும். தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் இழைத்து, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல் தண்ணீரைத் துணியில் வடித்து, அதன்பிறகுதான் யுவிக்கோ யுஎஃப்புக்கோ. தேத்தாங்கொட்டை தெளிய வைக்கும், அவ்வளவுதான். கிருமிக்கு அது மருந்தல்ல.

உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைப்பது

ஆவி போகும், உப்பு நிற்கும். இன்னும் கரிக்கும்.

"சப்புன்னு இருக்கு" என்று டிடிஎஸ் திருகைத் திறப்பது

போர் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டில் ஆர்ஓ நியாயம்தான். அங்கே நடக்கும் தவறு வேறு. ருசி இல்லை என்றதும் மெக்கானிக் டிடிஎஸ் கன்ட்ரோலரைத் திருகிவிடுவார். அது ருசியைச் சேர்க்கும் கருவி இல்லை. சவ்வைத் தாண்டாத தண்ணீரைக் கொஞ்சம் உள்ளே கலந்துவிடும் வால்வு. செப்டிக் டேங்குக்குப் பக்கத்துப் போர் என்றால் நைட்ரேட்டும் அதே வழியாக வரும். நைட்ரேட்டுக்கு ருசியும் இல்லை, நிறமும் இல்லை.

குடிக்கும் தண்ணீரின் டிடிஎஸ் மூலத் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் முதலில் இந்தத் திருகை முழுதாக மூடுங்கள். டேங்கைக் காலி செய்து, கால் மணி நேரம் ஓடவிட்டு, புதிதாக இறங்கும் தண்ணீரை அளந்து பாருங்கள். எண் இறங்கினால் கலப்புதான் காரணம். இறங்காவிட்டால் சவ்வை மாற்றும் நேரம். சவ்வு மாற்றியும் சில மாதத்தில் அதே கதை என்றால், கழிவுக் குழாயில் உள்ள சின்ன ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் சுண்ணாம்பு அடைத்திருக்கும். கழிவு சரியாக வெளியேறாமல் உப்பு சவ்விலேயே இறுகும். ஒரு நிமிடம் இரண்டு குழாயையும் தனித்தனி டம்ளரில் பிடித்தால் தெரிந்துவிடும். ஒன்றுக்கு மூன்று கழிவு வர வேண்டிய மிஷினில் சமமாக வந்தால் "தண்ணீர் மிச்சம்" என்று சந்தோஷப்படாதீர்கள்.

போரில் 2,000-க்கு மேல் தொடர்ந்து காட்டினால் வீட்டு மிஷினோடு மல்லுக்கட்டாமல், குடிக்க மட்டும் காவிரியைக் குடத்தில் வாங்குவது மலிவு.

யுவி பல்பு எரிகிறது என்று விட்டுவிடுவது

நீலமாக எரியும். கிருமியைக் கொல்லும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.