"குவாலிஃபைடு" என்றால் பாஸ் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை: ஆடிட் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது முதலாளிகள் செய்யும் தவறுகள்

திருப்பூரில் பின்னலாடை கம்பெனி நடத்தும் அண்ணன் தம்பி இருவர். பிரைவேட் லிமிடெட், இருவருமே டைரக்டர்கள். ஒரு வருஷம் அவர்களுடைய ஆடிட் ரிப்போர்ட்டைக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அண்ணன் முதல் தலைப்பைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "குவாலிஃபைடுன்னு போட்டிருக்குதுங்களே சார், அப்போ நம்ம கணக்கு பாஸ் ஆயிருச்சுங்களா?"

அவர் கேட்டதில் குற்றமே இல்லை. பேச்சு வழக்கில் குவாலிஃபைடு என்றால் தகுதி பெற்றவர். குவாலிஃபைடு டாக்டர், குவாலிஃபைடு இன்ஜினியர் என்றுதானே சொல்கிறோம்? ஆடிட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். "நிபந்தனை போட்டு, ஒன்றை விலக்கிவிட்டு" என்று அர்த்தம். கணக்கு சரிதான், இந்த ஒரு விஷயத்தைத் தவிர என்று ஆடிட்டர் சொல்கிறார். விலக்கு எதுவும் இல்லாமல் முழுசாகச் சரி என்று சொன்னால் அது அன்குவாலிஃபைடு. தகுதியில்லை என்பதுபோல் காதில் விழும் அந்தச் சொல்தான் உண்மையில் நல்ல செய்தி. நாங்கள் அதைக் கிளீன் ரிப்போர்ட் என்போம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கிளீன் ரிப்போர்ட்டில் "அன்குவாலிஃபைடு" என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. முதல் தலைப்பு வெறும் "ஒபினியன்" என்று மட்டும் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு அடைமொழி இருந்தால்தான் கவனிக்க வேண்டும். "குவாலிஃபைடு ஒபினியன்" என்றால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் குறை. "அட்வர்ஸ் ஒபினியன்" என்றால் மொத்தக் கணக்குமே உண்மை நிலையைக் காட்டவில்லை. "டிஸ்கிளெய்மர்" என்றால் கருத்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரமே கிடைக்கவில்லை.

தொகையைப் படிக்காமல் விடுவது

குவாலிஃபைடு என்று வந்தால் முதலாளிகள் பெரும்பாலும் தலைப்போடு நின்றுவிடுகிறார்கள். சிலர் பதறுகிறார்கள், சிலர் கண்டுகொள்வதில்லை. படிக்க வேண்டியது அதற்குக் கீழே "பேசிஸ் ஃபார் குவாலிஃபைடு ஒபினியன்" என்று வரும் பத்தி. என்ன குறை, அதனால் எந்தத் தொகை எவ்வளவு மாறும் என்பது அங்கேதான் இருக்கும். தொகையைக் கணக்கிட முடிகிற குறை என்றால் ஆடிட்டர் அதை எழுதியே ஆக வேண்டும். முடியாவிட்டால் முடியவில்லை என்று எழுத வேண்டும்.

அந்தச் சகோதரர்களின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அடையாளம் தெரியாமலிருக்க எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். வருஷ விற்பனை 18 கோடி. வரிக்கு முந்தைய லாபம் 84 லட்சம். வர வேண்டிய பாக்கி 4 கோடிக்கு மேல். அதில் 62 லட்சம் வடமாநில மொத்த வியாபாரி ஒருவரிடமிருந்து வர வேண்டியது. இரண்டு வருஷத்துக்கு மேலாக அவரிடமிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை. பாக்கியை உறுதிப்படுத்தச் சொல்லி நாங்கள் அனுப்பிய கடிதம் திரும்பி வந்துவிட்டது. கடையே மூடியிருக்கிறது என்று அவர்களுடைய ஏஜென்ட்டே சொன்னார்.

இந்தத் தொகைக்கு ஒதுக்கீடு வையுங்கள் என்று ஜூலையிலேயே சொன்னேன். ஒதுக்கீடு என்றால் வராது என்று தோன்றும் பணத்தை இந்த வருஷ லாபத்திலிருந்தே கழித்து வைப்பது, எங்கள் பேச்சில் புரொவிஷன். "வந்துடுமுங்க சார்" என்றார் அண்ணன். தம்பி உள்ளதைச் சொன்னார். பேங்க் லிமிட் புதுப்பிக்க வேண்டிய நேரம், லாபம் 84 லட்சமாகவே தெரிய வேண்டும்.

ஒதுக்கீடு வைக்கவில்லை. அதனால் நான் எழுதியதன் சாரம் இதுதான்: 62 லட்சத்துக்கு ஒதுக்கீடு வைக்கவில்லை, வைத்திருந்தால் லாபமும் வர வேண்டிய பாக்கியும் அந்த அளவு குறைந்திருக்கும், இதைத் தவிர கணக்கு உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகிறது.

இப்போது இதைப் பேங்க் அதிகாரி எப்படிப் படிப்பார்? 84-லிருந்து 62-ஐக் கழிப்பார். வரிக்கு முன் 22 லட்சம் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொள்வார். ஒதுக்கீடு வைக்காததால் லாபம் காப்பாற்றப்படவில்லை. கழித்தலை அவர்கள் தங்கள் கையால் செய்யாமல் பேங்க்காரர் கையில் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அது மட்டுமல்ல, 90 நாள் தாண்டிய பாக்கியைப் பெரும்பாலான பேங்க்குகள் டிராயிங் பவர் கணக்கில், அதாவது லிமிட்டில் எவ்வளவு எடுக்கலாம் என்ற கணக்கில், சேர்ப்பதே இல்லை. பேங்க்குக்கு மாதாமாதம் கொடுத்த ஸ்டேட்மென்ட்டில் அந்த 62 லட்சம் ஏற்கெனவே ஓரங்கட்டப்பட்டிருந்தது. யாரிடமிருந்து மறைக்க நினைத்தார்களோ அவருக்கு அது முதலிலேயே தெரியும்.

62 லட்சத்துக்கு ஏன் அட்வர்ஸ் வரவில்லை என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. முதலில் தொகை பெரியதா என்று பார்ப்போம். சட்டத்தில் இதற்கு நிலையான எல்லை கிடையாது. லாபத்தில் 5 சதவீதத்தைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. 84 லட்சத்தில் அது 4.2 லட்சம். 62 லட்சம் அதை எங்கோ தாண்டிவிட்டது. அடுத்தது, குறை ஒரு இடத்தில் நிற்கிறதா, கணக்கு முழுக்கப் பரவியிருக்கிறதா? இங்கே ஒரே வாடிக்கையாளர், ஒரே வரி, தொகையும் தெரியும். படிப்பவர் கழித்துப் பார்த்தால் மற்ற எண்களை நம்பலாம். அதனால் குவாலிஃபைடோடு நின்றது. இதே கம்பெனியில் மார்ச் 31 சரக்கை யாருமே எண்ணவில்லை, நூல் குடோன் கணக்கும் டெய்யிங்குக்குப் போன துணிக் கணக்கும் இல்லை என்றால் நிலைமை வேறு. சரக்கு மதிப்பு தெரியாமல் லாபம் தெரியாது, லாபம் தெரியாமல் வரி தெரியாது. அங்கே டிஸ்கிளெய்மர் வரைக்கும் போயிருக்கும்.

எல்லாக் குறைக்கும் ஒரே மருந்து என்று நினைப்பது

குவாலிஃபிகேஷன் இரண்டு வழியில் வருகிறது. கணக்கில் தவறு இருக்கிறது என்று ஆடிட்டருக்குத் தெரிகிறது, முதலாளி திருத்த மறுக்கிறார். இது ஒன்று. சரியா தவறா என்று சொல்ல ஆதாரமே கிடைக்கவில்லை. இது இன்னொன்று. முதல் வகைக்கு ஒரு ஜர்னல் என்ட்ரி போதும். கையெழுத்துக்கு முந்தின நாள்கூடப் போடலாம்.

இரண்டாவது வகையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். "சரக்கு சரியாத்தான் இருக்குதுங்க, லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்பார்கள். அந்தக் கடிதத்தை நாங்கள் எப்படியும் வாங்குவோம். ஆனால் வேறு ஆதாரம் இருக்கும்போது அதற்குத் துணையாகத்தான் அது நிற்கும். ஆதாரத்துக்குப் பதிலாக நிற்காது. மார்ச் 31 சரக்கை அன்றைக்கோ அதை ஒட்டியோ, ஆடிட்டர் ஆள் பார்க்க எண்ணியிருக்க வேண்டும். செப்டம்பரில் வந்து குடோனைத் திறந்து காட்டினால் அது செப்டம்பர் சரக்கு. பாக்கிக் கடிதங்கள் ஏப்ரலில் போனால்தான் பதில் வராதவற்றைத் துரத்த நேரம் இருக்கும். செப்டம்பர் 30-க்குள் பொதுக்குழு நடக்க வேண்டும், அதற்கு முன் நோட்டீஸும் போக வேண்டும் என்பதால் ஆகஸ்டுக்குப் பிறகு எதையும் சரிசெய்ய நாள் மிஞ்சாது.

டைரக்டர்ஸ் ரிப்போர்ட்டைப் போன வருஷத்திலிருந்து காப்பி அடிப்பது

நான் பார்த்ததில் மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான், ஏனென்றால் இதில் லாபம் யாருக்கும் இல்லை. ஆடிட்டர் எழுதிய ஒவ்வொரு குவாலிஃபிகேஷனுக்கும் டைரக்டர்கள் தங்கள் அறிக்கையில் விளக்கம் கொடுக்க வேண்டும் என்று 2013 கம்பெனிகள் சட்டத்தின் 134-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் போன வருஷ ஃபைலைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுவார்கள். "ஆடிட்டர் அறிக்கையில் குவாலிஃபிகேஷன் எதுவும் இல்லை" என்ற பழைய வரி அப்படியே நிற்கும். இரண்டு தாளும் ஒன்றாகவே ஃபைல் ஆகும். ஒன்று மற்றதைப் பொய்யாக்கும். அந்தப் பிரிவை மீறினால் கம்பெனிக்கு 3 லட்சம் ரூபாய், பொறுப்பான ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய் அபராதம்.

சகோதரர்களின் வரைவிலும் அந்த வரி இருந்தது. அதை எடுத்துவிட்டு, வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய தேதி, ஏஜென்ட் மூலம் நடந்த பேச்சு, அடுத்த மார்ச்சுக்குள் பணம் வராவிட்டால் முழுத்தொகையும் ஒதுக்கப்படும் என்ற முடிவு என நான்கு வரியில் எழுதச் சொன்னேன்.

கிளீன் ரிப்போர்ட்டை வியாபாரத்துக்கான சான்றிதழாக எடுத்துக்கொள்வது

நஷ்டத்தில் ஓடும் கம்பெனிக்கும் கிளீன் ரிப்போர்ட் வரலாம். நஷ்டத்தை நஷ்டமாகவே எழுதியிருந்தால் போதும். கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதே சந்தேகமாக இருந்தாலும், அதைக் கணக்குக் குறிப்பில் ஒளிக்காமல் சொல்லியிருந்தால் ஒபினியன் கிளீனாகவே இருக்கும். அந்தச் சந்தேகத்துக்குத் தனித் தலைப்பில் ஒரு பத்தி வரும். அதைக் குவாலிஃபிகேஷன் என்று நினைக்க வேண்டாம், படிக்காமல் விடவும் வேண்டாம். மோசடி இல்லை என்பதற்கும் கிளீன் ரிப்போர்ட் உத்தரவாதம் ஆகாது. சத்யம் கம்ப்யூட்டர்ஸுக்கு வருஷா வருஷம் கிளீன் ரிப்போர்ட்தான் வந்துகொண்டிருந்தது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவரே எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கம், பேங்க் இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்றார்.

ஆடிட்டரை மாற்றினால் போய்விடும் என்று நம்புவது

அந்த வருஷம் கோபத்தில் அண்ணன் இதையும் கேட்டார். வழக்கமாக ஆடிட்டரை நியமிப்பது 5 வருஷத்துக்கு. நடுவில் நீக்க மத்திய அரசின் முன் அனுமதியும் சிறப்புத் தீர்மானமும் வேண்டும். நானே விலகினாலும் ஏன் விலகினேன் என்று காரணம் எழுதி ஃபைல் செய்ய வேண்டும். புதிதாக வருபவர் பொறுப்பேற்கும் முன் எனக்குக் கடிதம் எழுத வேண்டும். போன வருஷ ரிப்போர்ட் அவர் மேஜையில் இருக்கும். அந்த 62 லட்சம் லெட்ஜரில் அதே இடத்தில் இருந்தால் அவரும் அதையே எழுத வேண்டியிருக்கும்.

அடுத்த மார்ச் வரைக்கும் பணம் வரவில்லை. முழுத்தொகையும் ஒதுக்கினார்கள். ஆனால் முந்தைய வருஷத்திலேயே போக வேண்டிய நஷ்டம் இந்த வருஷ லாபத்தில் விழுந்ததால், இரண்டு வருஷ லாபத்தையும் ஒப்பிட முடியாத நிலை. அதனால் அது பற்றி அந்த ரிப்போர்ட்டிலும் ஒரு பத்தி எழுத வேண்டி வந்தது. கிளீன் ரிப்போர்ட் கிடைத்தது அதற்கும் அடுத்த வருஷம்தான். இப்போதெல்லாம் ஏப்ரல் முதல் வாரத்தில் தம்பியிடமிருந்து ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. 6 மாதத்துக்கு மேல் நிற்கும் பாக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கடைசியாகப் பணம் வந்த தேதி.