கால் ஆப்ஷனை விற்றுவிட்டுப் பங்கால் ஹெட்ஜ் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால் ஆப்ஷனை விற்றுவிட்டு, "விலை ஸ்ட்ரைக்கைத் தாண்டட்டும், அப்போது பங்கை வாங்கிக்கொள்ளலாம், கீழே வந்தால் விற்றுவிடலாம்" என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எண்களைப் போட்டுப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்பது தெரியும்.

ஒரு பங்கு 1,000 ரூபாயில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 ஸ்ட்ரைக், எக்ஸ்பைரிக்கு 30 நாள், லாட் 500. வாலட்டிலிட்டி 30 சதவீதம், வட்டி 6.5 சதவீதம் என்றால் பிளாக்-ஷோல்ஸ் கணக்குப்படி பிரீமியம் சுமார் 37 ரூபாய். ஒரு லாட் விற்றால் கைக்கு வருவது 18,500. இப்போது 1,005-இல் 500 பங்கை வாங்கி, விலை 995-க்கு இறங்கியதும் விற்றால் ஒரு தடவைக்கு 5,000 நஷ்டம். விலை ஸ்ட்ரைக்கைச் சுற்றி நான்கு முறை இப்படி ஏறி இறங்கினாலே பிரீமியம் மொத்தமும் போய்விடும். அதிலும் ஒரு காலையில் 1,060-இல் சந்தை திறந்தால் 1,005-இல் வாங்க வாய்ப்பே இருக்காது.

டெல்டா சொல்வது வேறு. பங்கு ஒரு ரூபாய் நகர்ந்தால் ஆப்ஷன் எவ்வளவு நகரும் என்பதுதான் அது. இந்த உதாரணத்தில் டெல்டா 0.54. ஆகவே விற்ற உடனேயே 500 × 0.54 = 270 பங்குகளை வாங்கி வைக்க வேண்டும், ஸ்ட்ரைக்கைத் தாண்டும் வரை காத்திருக்கக் கூடாது. ஃபியூச்சர்ஸில் இதைச் செய்ய முடியாது, அங்கே குறைந்தபட்ச அளவே ஒரு லாட், அதாவது 500. பங்காக வாங்கினால்தான் 270 என்ற எண்ணிக்கை கிடைக்கும்.

சரி, 270 வாங்கியாயிற்று. அடுத்த தவறு, அதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவது. விலை ஒரே நாளில் 1,040-க்குப் போனால் ஆப்ஷன் சுமார் 62 ரூபாய் ஆகிறது. விற்றவருக்கு 25 × 500 = 12,500 நஷ்டம். பங்கில் வந்த லாபம் 270 × 40 = 10,800. ஹெட்ஜ் இருந்தும் 1,700 ரூபாய் குறைகிறது, ஏனென்றால் விலை ஏற ஏற டெல்டாவும் 0.54-இலிருந்து 0.71-க்கு ஏறிவிட்டது. இந்த ஏற்றத்தைத்தான் காமா என்கிறார்கள். இப்போது கையில் 355 பங்கு இருக்க வேண்டும், எனவே இன்னும் 85 வாங்க வேண்டும். வாங்கியதும் விலை மறுபடி 1,000-க்கு இறங்கினால் அந்த 85 பங்கையும் விற்க வேண்டும். 1,040-இல் வாங்கி 1,000-இல் விற்றதில் நஷ்டம் 3,400.

இதைப் பார்த்துத்தான் பலரும் ஹெட்ஜ் பொய்த்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். அது சரியல்ல. மேலே வாங்கிக் கீழே விற்பது ஷார்ட் காலை ஹெட்ஜ் செய்வதன் இயல்பான செலவு. அதற்கு ஈடாகத்தான் பிரீமியம் வாங்கியிருக்கிறோம். தொடக்கத்தில் இந்த ஆப்ஷன் ஒரு லாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 330 ரூபாய் கரைகிறது. பங்குக்குப் போட்ட பணத்தின் வட்டியைக் கழித்தால், விலை ஒரு நாளில் சுமார் 16 ரூபாய்க்குள் நகரும் வரை விற்றவர் பக்கம் லாபம். தினமும் அதைவிட அதிகம் நகர்ந்தால், எவ்வளவு கவனமாக ஹெட்ஜ் செய்தாலும் நஷ்டம்தான். டெல்டா ஹெட்ஜ் திசை சார்ந்த ஆபத்தை மட்டுமே நீக்கும். வாலட்டிலிட்டியின் ஆபத்து அப்படியே இருக்கும்.

அதற்காக ஒவ்வொரு ரூபாய் அசைவுக்கும் பங்கை வாங்கி விற்பதும் வீண். டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்டிடி போகிறது. மேலே சொன்ன 85 பங்கை வாங்கவே 88 ரூபாய், விற்க இன்னொரு 85. டெல்டா 0.10 அளவுக்கு, அதாவது 50 பங்கு அளவுக்கு, விலகினால் சரிசெய்வது என்று ஒரு எல்லை வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

எக்ஸ்பைரி நாளில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. கடைசி ஒரு மணி நேரத்தில் 996-இல் டெல்டா சுமார் 0.30, 1,004-இல் 0.70. வெறும் 8 ரூபாய் அசைவுக்கு 200 பங்கு! இந்த நேரத்தில் டெல்டாவைத் துரத்தினால் நின்று நிதானிக்கவே முடியாது. அப்புறம், இந்தியாவில் 2019 அக்டோபர் எக்ஸ்பைரியிலிருந்து பங்கு ஆப்ஷன்கள் எல்லாமே டெலிவரியில்தான் முடிகின்றன. 250 பங்கு கையில் இருக்கும்போது 1,002-இல் முடிந்தால் 500 பங்கு கொடுக்க வேண்டும், மீதி 250-க்கு ஏலம் வரை போகலாம். 998-இல் முடிந்தால் ஆப்ஷன் ஒன்றுமில்லாமல் போகும், அந்த 250 பங்கு மட்டும் எந்தக் காப்பும் இல்லாமல் கையில் நிற்கும். விலை ஸ்ட்ரைக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால், முந்தின நாளே ஆப்ஷனைத் திரும்ப வாங்கி முடித்துவிட்டு, பங்கையும் அன்றே விற்றுவிடுங்கள்.