மின்பலகையில் ஆர்க் ஃபிளாஷ் ஆய்வு: கணக்கிலிருந்து லேபிள் வரை

தாழ்வழுத்த ஸ்விட்ச்போர்டு ஒன்றில் மின்சாரத்தைப் பகிரும் உலோகப் பட்டையான பஸ்பாரில், காற்றினூடே மின்சாரம் பாயும் ஆர்க் மூண்டால், எதிரே நிற்பவரின் தோலில் எவ்வளவு வெப்ப ஆற்றல் படும் என்பதைக் கணக்கிடுவதே ஆர்க் ஃபிளாஷ் ஆய்வு. ஐ.இ.இ.இ. 1584 தரநிலையின் 2018 பதிப்பைக் கொண்டு ஒரு பலகையை இங்கே கணக்கிட்டுப் பார்ப்போம். சமன்பாடுகள் நீளமானவை என்பதால் மென்பொருளே அவற்றைத் தீர்க்கும். ஆனால் அதற்கு எந்த எண்களைக் கொடுக்கிறோம், அது தரும் விடையை எப்படி ஐயுறுகிறோம் என்பது நம் பொறுப்பு.

படி 1: ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம். நம் பலகைக்கு 1000 கே.வி.ஏ. திறனும் 5 சதவீத இம்பிடென்ஸும் கொண்ட டிரான்ஸ்ஃபார்மர் 400 வோல்ட்டில் மின்சாரம் தருகிறது. கீழே I_FL என்பது அதன் முழுச்சுமை மின்னோட்டம், I_bf என்பது ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம்.

```
I_FL = 1000 / (√3 × 0.4) = 1443 A
I_bf = 1443 / 0.05 = 28.9 kA
```

இது மேல்நிலை வலையமைப்பின் இம்பிடென்ஸைப் புறக்கணித்த கணக்கு. பிரேக்கரின் உடைப்புத் திறனைத் தேர்ந்தெடுக்க இந்த உச்ச மதிப்பு பாதுகாப்பானது. ஆர்க் ஆய்வுக்கோ அப்படியல்ல, ஏனெனில் மின்னோட்டம் குறைந்தால் பிரேக்கர் தாமதமாகத் திறந்து ஆற்றல் கூடிவிடலாம். ஆகவே மின்வாரியம் தரும் உச்ச, குறைந்தபட்ச மதிப்புகள் இரண்டையும், ஜெனரேட்டர் இருந்தால் அதன் மதிப்பையும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

படி 2: ஆர்க் மின்னோட்டம். ஆர்க்குக்கே ஒரு தடை இருப்பதால் 28.9 கிலோஆம்பியர் முழுவதும் பாயாது. பஸ்பார்கள் பெட்டிக்குள் செங்குத்தாக நிற்கின்றன, இடைவெளி 32 மி.மீ., பெட்டி 508 மி.மீ. கனசதுரம் என்று கொடுத்தால் விடை சுமார் 18.9 கிலோஆம்பியர். ஆர்க் நிலையற்றது என்பதால், குறைக்கப்பட்ட இன்னொரு மதிப்பையும் தரநிலை கேட்கிறது. இங்கே அது 16.5 கிலோஆம்பியர். இந்த இரண்டாவது எண்ணை யாரும் விட்டுவிடக் கூடாது; காரணம் அடுத்த படியில் தெரியும்.

படி 3: பிரேக்கர் திறக்கும் நேரம். உள்வரும் பிரேக்கர் 1600 ஆம்பியர். தாமதமின்றித் திறக்கவைக்கும் அதன் உடனடி டிரிப் 10 மடங்கில், அதாவது 16 கிலோஆம்பியரில் அமைக்கப்பட்டுள்ளது. 10 சதவீதச் சகிப்பளவைச் சேர்த்தால் அது 17.6 ஆகிறது. 18.9 கிலோஆம்பியர் இந்த எல்லையைத் தாண்டுவதால் பிரேக்கர் 0.05 விநாடியில் திறந்துவிடும், 610 மி.மீ. தூரத்தில் படும் ஆற்றல் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1.6 கலோரி. ஆனால் 16.5 கிலோஆம்பியர் எல்லையைத் தாண்டும் என்ற உறுதியில்லை. அப்போது சிறிது காத்திருந்து திறக்கவைக்கும் குறுநேரத் தாமத அமைப்பே இயங்கி, மொத்தம் 0.35 விநாடி பிடிக்கும். மின்னோட்டம் குறைந்தும் ஆற்றல் சுமார் 9.6 கலோரியாக ஏறுகிறது. இரண்டில் பெரியதையே ஏற்க வேண்டும்.

உள்வரும் பிரேக்கரின் மின்வழங்கல் பக்க முனைகளில் ஆர்க் மூண்டால் அந்த பிரேக்கரால் பயனில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் உயரழுத்தப் பக்க ஃபியூஸ்தான் அதை அணைக்க வேண்டும். அதற்கு அதிக நேரம் பிடித்தால், ஆள் விலகிச் செல்ல வழி இருக்கும்பட்சத்தில், 2 விநாடியை உச்சமாகக் கொள்வது வழக்கம். அந்த நேரத்தில் இதே பலகை சுமார் 62 கலோரி தரும். அந்த முனைகள் மற்றப் பகுதியிலிருந்து உறுதியாகப் பிரிக்கப்படாவிட்டால், பலகை முழுவதற்கும் மின்வழங்கல் பக்க மதிப்பையே எழுதுவது சரி என்பது என் கருத்து.

படி 4: வேலைத் தூரமும் எல்லையும். வேலைத் தூரம் என்பது ஆர்க் மூளக்கூடிய இடத்திலிருந்து வேலை செய்பவரின் முகம், மார்பு வரையுள்ள தூரம். பலகையின் கதவிலிருந்து அளப்பது அன்று. தாழ்வழுத்த ஸ்விட்ச்கியருக்கு 610 மி.மீ., மோட்டார் கட்டுப்பாட்டு மையத்துக்கு 455 மி.மீ. என்பவை வழக்கமான மதிப்புகள். நம் பலகையில் ஒருவர் குனிந்து 455 மி.மீ. வரை நெருங்கினால் 9.6 கலோரி சுமார் 15 ஆகிவிடும். கைகள் அதைவிட அருகில் இருப்பதால் அவற்றில் படுவது இன்னும் அதிகம். ஆற்றல் 1.2 கலோரிக்குக் குறையும் தூரமே ஆர்க் ஃபிளாஷ் எல்லை. பிரேக்கருக்குப் பின்னுள்ள பஸ்பாருக்கு அது சுமார் 2.2 மீட்டர்.

படி 5: லேபிள். உள்வரும் முனைகள் தனியே பிரிக்கப்பட்டிருப்பதாகக் கொண்டால், பஸ்பார் பகுதியின் லேபிளில் 400 வோல்ட், எல்லை 2.2 மீட்டர், 610 மி.மீ. தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 9.6 கலோரி என எழுத வேண்டும். உள்வரும் பகுதிக்குத் தனி லேபிள் தேவை. தூரம் குறிப்பிடாத ஆற்றல் எண்ணுக்குப் பொருளில்லை. அமெரிக்க மின்பாதுகாப்புத் தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 70இ விதிப்படி, கணக்கிட்ட ஆற்றலையும் அட்டவணையிலிருந்து எடுத்த பாதுகாப்பு உடை வகையையும் ஒரே லேபிளில் சேர்த்து எழுதக் கூடாது.

உடனடி டிரிப்பை 9 மடங்காக, அதாவது 14.4 கிலோஆம்பியராகக் குறைத்தால், சகிப்பளவுடன் சேர்ந்த எல்லை 15.8 ஆகி, 16.5 கிலோஆம்பியரும் 0.05 விநாடியில் அணையும். ஆற்றல் 1.6 கலோரிக்கும், எல்லை சுமார் 0.72 மீட்டருக்கும் இறங்கும். ஆனால் மாற்றும் முன், கீழ்நிலை ஃபீடரில் பழுது வந்தால் இந்த பிரேக்கரும் சேர்ந்து திறந்துவிடுமா என்பதையும், குறைந்தபட்ச மின்வழங்கலிலும் இதே முடிவு நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்; மாற்றிய அன்றே பழைய லேபிளை அகற்றிப் புதியதை ஒட்ட வேண்டும்.