ஒரே பக்கத்தில் பதினொரு "எச்சரிக்கை"

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை மில்லுக்கு ஸ்டெரிலைசர் கையேட்டைத் தமிழில் எழுதினேன். குலைகளை 3 பார் அழுத்த நீராவியில் வேகவைக்கும் பெரிய உருளை அது. கதவு ரப்பரைத் துடைப்பதற்கும் "எச்சரிக்கை", நீராவி இருக்கும்போது கதவைத் திறக்காதே என்பதற்கும் "எச்சரிக்கை". பக்கத்தைப் பார்த்த ஆப்பரேட்டர், "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே தம்பி, எது ஆளைக் கொல்லும்?" என்று கேட்டார். அன்றிரவு தூக்கமே வரவில்லை.

அப்புறம் ஒவ்வொரு எச்சரிக்கைப் பெட்டியிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: மீறினால் என்ன ஆகும்? உயிர்ச்சேதமோ பலத்த காயமோ நிச்சயம் என்றால் "அபாயம்". நேரக்கூடும் என்றால் "எச்சரிக்கை". சிறு காயத்தோடு போகும் என்றால் "கவனம்". இயந்திரம் மட்டும் கெடும் என்றால் "குறிப்பு". ரப்பர் துடைப்பது குறிப்பில் போய் விழுந்தது.

கதவுக்கான பழைய வரி, "கதவைத் திறக்கும்போது எச்சரிக்கையாக இருக்கவும்". எதற்கு, எப்படி என்று ஒன்றும் இல்லை. புதியது:

"அபாயம்: உள்ளே அழுத்தம் இருக்கும்போது கதவைத் திறந்தால் நீராவி பாய்ந்து ஆளைக் கொல்லும். அழுத்தமானி பூஜ்யம் காட்டினாலும் சோதனை வால்வைத் திறந்து, நீராவி வரவில்லை என்று பார்த்த பிறகே பூட்டைத் தொடவும்."

முன்பு இது கதவைத் திறக்கும் படிக்குக் கீழே இருந்தது. படிப்பவர் கை அதற்குள் பூட்டில் இருக்கும். இப்போது படிக்கு மேலே வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் "அபாயம்" இந்த ஒன்றுதான்.