மஞ்சளடித்த கல்யாண வீடியோவை ஸ்கோப் பார்த்துச் சரிசெய்வது

மண்டபத்தில் எடுத்த நலங்கு கிளிப். படம் மங்கல், மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி வெண்ணெய் நிறம். கண்ணை நம்பி உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் அந்த மஞ்சளுக்கே கண் பழகிவிடும், அதனால் படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் வரைபடமாக அளந்து காட்டும் ஸ்கோப். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே இதற்குப் போதும், வேறெதற்கும் காசு கொடுக்காதீர்கள். வெளிறித் தெரியும் லாக் முறையில் எடுத்திருந்தால், சாதாரணத் திரைக்கான Rec.709 நிறமுறைக்கு மாற்றிவிட்டு வாருங்கள்.

முதலில் வெளிச்சம். வேவ்ஃபார்ம் என்ற ஸ்கோப்பில் இடவலம் படத்தில் உள்ளபடியேதான் இருக்கும், உயரம் மட்டும் வெளிச்சத்தைக் காட்டும். அடியில் 0 கருப்பு, உச்சியில் 1023 வெள்ளை. நம் கிளிப்பில் வேட்டி 600 பக்கம் கிடக்கிறது. வெளிச்சமான பகுதிக்கான Gain-ஐ ஏற்றி அதை 850 அருகே கொண்டுவாருங்கள், இருண்ட பகுதிக்கான Lift-ஐ இறக்கித் தலைமுடியை 50க்குச் சற்று மேலே உட்கார வையுங்கள். முகத்தை இடைப்பட்ட வெளிச்சத்துக்கான Gamma-வில் சரிசெய்யலாம். முகம் இந்த 1023இல் 70 சதவீதத்தில் இருக்கணும் என்று சொல்வதெல்லாம் வெளிர் தோலுக்கு. மாநிறத்தை அங்கே ஏற்றினால் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். எனக்கு 45–55 சதவீதம் சரியாக வருகிறது.

அடுத்து நிறம். பரேடுக்கு மாறினால் அதே வேவ்ஃபார்ம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரிந்து நிற்கும். வேட்டி இருக்கும் இடத்தில் சிவப்பு உயரமாகவும் நீலம் பள்ளத்திலும் இருக்கும். Temp-ஐ நீலப்பக்கம் நகர்த்தி இரண்டையும் சமமாக்குங்கள். அதன்பிறகும் பச்சை தனியாகத் தூக்கி நின்றால் (எல்இடி விளக்கில் அடிக்கடி நடக்கும்) Tint-ஐ மெஜந்தா பக்கம் தள்ளுங்கள்.

நிறத்தை வட்டத்தில் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில்தான் பலர் தடுமாறுவது. நடுப்புள்ளி என்றால் நிறமில்லை, விலக விலக நிறம் அடர்த்தி. அதற்காக மொத்தக் குவியலையும் நடுவுக்கு இழுக்கக் கூடாது. சாமந்தி மாலை, பட்டு, நகை நிறைந்த ஃபிரேம் மஞ்சள் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், அதை நடுவில் கொண்டுவந்தால் வேட்டி நீலமாகிவிடும். Sizing-இல் Zoom-ஐக் கூட்டி ஃபிரேம் முழுக்க வேட்டி மட்டும் தெரியும்படி வைத்து, அந்தத் துணுக்கு நடுப்புள்ளியில் விழுகிறதா பாருங்கள். மவுஸ் சக்கரத்தில் பெரிதாக்கினால் ஸ்கோப் மாறாது.

பிறகு அதேபோல் முகத்துக்குப் போங்கள். ஸ்கோப் அமைப்பில் Show Skin Tone Indicator-ஐ டிக் செய்தால் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு கோடு வரும். தோல் கறுப்போ சிவப்போ, கிட்டத்தட்ட இந்தக் கோட்டை ஒட்டியே விழும். ஆனால் நலங்கில் மஞ்சள் பூசிய கன்னத்தை அளக்காதீர்கள், பூசாத காது, கழுத்துப் பக்கம் பாருங்கள். முடிந்ததும் Zoom-ஐப் பழையபடி 1க்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

பின்சேர்க்கை: வேட்டியைச் சரியாக நடுவில் வைத்தும் முகம் மஞ்சளாகவே இருக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். சொட்டு நீலம் போட்டுத் துவைத்த வேட்டியாக இருக்கும், அந்த வெள்ளையிலேயே கொஞ்சம் நீலம் உண்டு. அப்போது கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைத் தாளோ சுவரோ கிடைத்தால் அதை அளவுகோலாக வையுங்கள். ஒரு பக்கம் ஜன்னல் வெயில், மறுபக்கம் மஞ்சள் விளக்கு என்றால் ஒரே Temp இரண்டுக்கும் பொருந்தாது. முகத்துக்குச் சரிசெய்துவிட்டு ஜன்னல் பக்கத்தை மட்டும் வளைத்துத் தனியாகத் திருத்த Power Window போடுங்கள்.